பதினாறில் பதினைந்து பேர்: நண்பன் சொல்லும் ‘முதலீட்டின்’ கணக்கு

இரண்டு வருடமாகப் பேசாத கல்லூரி நண்பன் ஒரு நாள் போன் செய்தான். நலம் விசாரித்தான், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டான். அப்புறம், “மச்சான், உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும். போன்ல வேணாம், நேர்ல வர்றேன்” என்றான். உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கூடவே முன்பின் தெரியாத ஒருவர், இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு நோட்டு. காபி ஆறுவதற்குள் அவர் நோட்டைத் திறந்து ஒரு வட்டம் போட்டு, “இது நீங்க” என்றார். அதன் கீழே இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். “இந்த ரெண்டு பேரை மட்டும் நீங்க கொண்டு வந்தா போதும் சார். மீதி தானா நடக்கும்.”

ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இதற்குப் ‘ப்ளான் காட்டுவது’ என்று பெயர். சேர 15,000 ரூபாய். அதற்கு ஒரு பெட்டி சத்துமாவும் மூலிகைச் சாறும் தருவார்கள். “பொருளுக்குப் பொருளும் ஆச்சு, இது செலவு இல்ல, முதலீடு” என்றார் அவர். உங்களுக்குக் கீழே இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் உங்களுக்கு 1,000 ரூபாய். நீங்களே சேர்த்துவிட வேண்டும் என்பதில்லை, உங்களுக்குக் கீழே யார் யாரைச் சேர்த்தாலும் கணக்கில் வரும். தொகையும் பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் பொருளே இருக்காது, ஏதோ ஆன்லைன் பாடமும் ஒரு உறுப்பினர் ஐடியும் மட்டும்தான். ஆனால் ‘பைனரி’ என்று சொல்லப்படும் இந்த இரண்டு கால் அமைப்பு நம் ஊரில் பரவலாகச் சுற்றுகிறது. அதனால் அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போட்ட 15,000 திரும்ப வர 15 ஜோடி வேண்டும். இடப்பக்கம் 15 பேர், வலப்பக்கம் 15 பேர், ஆக உங்களுக்குக் கீழே 30 பேர். ஒவ்வொருவரும் சரியாக இரண்டு பேரைச் சேர்த்தால் முதல் அடுக்கில் 2, அடுத்து 4, அப்புறம் 8, அப்புறம் 16. கூட்டினால் 30. அதாவது உங்களுக்குக் கீழே நான்கு அடுக்கு முழுதாக நிரம்பிய பிறகுதான் போட்ட பணம் கைக்கு வருகிறது. நோட்டில் பார்க்க இது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

இப்போது உங்கள் வட்டத்திலிருந்து பார்க்காமல் முழு மரத்தையும் பாருங்கள். உச்சியில் ஒருவர், பத்து அடுக்கு, யாரும் சோம்பேறி இல்லை, எல்லாரும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார்கள் என்று வைப்போம். மொத்தம் 1,023 பேர். கடைசி அடுக்கில் மட்டும் 512 பேர். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை, வருமானம் பூஜ்யம். அதற்கு மேலே 256 பேருக்கு ஆளுக்கு ஒரு ஜோடி, 1,000 ரூபாய். அதற்கு மேலே 128 பேருக்கு 3,000. அதற்கும் மேலே 64 பேருக்கு 7,000. இந்த நான்கு அடுக்கையும் கூட்டினால் 960 பேர். 1,023 பேரில் 960 பேர் போட்ட பணத்தைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. மீதி 63 பேர்தான் பார்த்தார்கள்.

சரி, இன்னும் ஆட்கள் சேர்ந்தால் கீழே இருப்பவர்களுக்கும் வந்துவிடுமே என்று தோன்றும். நண்பனும் அதைத்தான் சொன்னான். பதினோராவது அடுக்கு வந்தால் இன்னும் 64 பேருக்குப் பணம் திரும்பும், உண்மைதான். ஆனால் அந்த அடுக்கில் புதிதாக 1,024 பேர் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மரம் எவ்வளவு வளர்ந்தாலும் கடைசி நான்கு அடுக்கில் 16-க்கு 15 பேர் இருந்துகொண்டே இருப்பார்கள். ஆள் மாறும், விகிதம் மாறாது. 27-வது அடுக்கு நிரம்புவதற்கு முன்பே 2011 கணக்கெடுப்பில் இருந்த தமிழ்நாட்டு மக்கள் 7.21 கோடிப் பேரும் தீர்ந்துவிடுவார்கள் என்பது வேறு கதை. ஆட்கள் தீரும்போதுதான் இது உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே 16-ல் 15 பேர் நஷ்டத்தில்தான் இருக்கிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது இருப்பதிலேயே நல்ல மரம் என்பதையும் கவனியுங்கள். 1,023 பேரை வேறு எந்த மாதிரி அடுக்கினாலும் 15 ஜோடி கிடைப்பவர்கள் 63 பேரைத் தாண்ட முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளரும் மரம் அந்த உச்ச எண்ணிக்கையைத் தொடுகிறது. நிஜத்தில் எந்த மரமும் அப்படி வளர்வதில்லை.

பணம் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடலாம். 1,023 பேர் கட்டியது சுமார் 1 கோடியே 53 லட்சம். உச்சியில் இருந்தவருக்கு 5 லட்சத்து 11 ஆயிரம் உட்பட, எல்லா ஜோடிக்கும் சேர்த்துக் கொடுத்தது சுமார் 41 லட்சம். பெட்டியிலிருக்கும் பொருளின் அடக்கம் 4,000 என்று தாராளமாகவே வைத்தாலும் இன்னொரு 41 லட்சம். மீதி 71 லட்சத்துச் சொச்சம் நிறுவனத்திடம் நிற்கிறது. உங்களுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணம். இடையில் எந்தத் தொழிலும் அந்தப் பணத்தைப் பெருக்கவில்லை. முதலீடு என்றால் போட்ட பணம் எங்கேயோ வேலை செய்ய வேண்டும். கடைக்கு முதல் போட்டால் சரக்கு விற்று லாபம் வரும், வங்கியில் போட்டால் அந்தப் பணத்தைக் கடன் கொடுத்து வட்டி ஈட்டுவார்கள். இங்கே நீங்கள் கட்டியது பொருளின் விலையும், ஆள் சேர்க்கும் உரிமைக்கான கட்டணமும்தான். கட்டிய அன்றே அது பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடுகிறது.

நோட்டில் வராத இன்னொரு விஷயம் ‘வீக் லெக்’. பணம் ஜோடிக்குத்தான். இடப்பக்கம் 200 பேர் இருந்து வலப்பக்கம் 3 பேர் இருந்தால் 3 ஜோடிக்குத்தான் காசு. பொதுவாக ஒரு பக்கம் மேலே இருப்பவர் போட்ட ஆட்களால் தானாகவே நீளும். “பாரு, உனக்குக் கீழ நாங்களே ஆள் போட்டுத் தர்றோம்” என்று ஆசை காட்டுவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். மறுபக்கத்தை நீங்கள் சொந்தமாகக் கட்ட வேண்டும். காசு தீர்மானமாவது அந்தப் பலவீனமான பக்கத்தில்தான். இதற்கு மேல் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிக்குத்தான் பணம் என்று ‘கேப்பிங்’ வைப்பார்கள். மாதாமாதம் குறிப்பிட்ட தொகைக்குப் பொருள் வாங்காவிட்டால் ஐடி ‘ஆக்டிவ்’ ஆக இருக்காது. சேர்ந்திருக்கும் ஜோடிகள் குறிப்பிட்ட நாளுக்குள் கணக்காகாவிட்டால் அழிந்துபோகும் என்று சில நிறுவனங்களில் விதி உண்டு.

அன்று நான் சேரவில்லை. ஆனால் நண்பனைத் தடுக்கவும் என்னால் முடியவில்லை. ஒன்றேகால் வருடம் கழித்து, அவனாகவே ஒரு நாள் பாஸ்புக்கையும் டைரியையும் எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். சேர்ந்தது 15,000. ஐடி செத்துப்போகக் கூடாது என்று மாதம் 1,500 ரூபாய்க்கு வாங்கிய பொருள், 14 மாதத்துக்கு 21,000. மூன்று வெளியூர் கூட்டங்களுக்கு நுழைவுச்சீட்டு, பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்த்து 10,500. பெட்ரோல், டீ, போன் மாதம் 1,000 என்று 14,000. வலப்பக்கம் ஆள் விழவில்லை என்பதால் தங்கை பெயரில் தானே பணம் கட்டிப் போட்ட ஐடி 15,000. மொத்தம் 75,500.

வந்தது? அவனுக்குக் கீழே 54 பேர் இருந்தார்கள். ப்ளான் காட்டும் இடங்களில் அந்த எண்ணைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் இடப்பக்கம் 43, வலப்பக்கம் 11. ஆக 11 ஜோடி, 11,000 ரூபாய். பிடித்தம் எல்லாம் போகக் கையில் வந்தது 9,900. நிகர நஷ்டம் 65,600. ஒரு வாரத்தில் மூன்று ஜோடி சேர்ந்தபோது வந்த பணத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். நானும் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் அவன் மைத்துனர் சேர்ந்தார். வீடு முழுக்கப் பிரிக்காத சத்துமாவுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. வந்ததை மட்டும் எழுதிவைத்தான், போனதை எழுதவில்லை. கூட்டத்தில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: மாதாமாதம் வாங்கும் பொருள் ‘சொந்த உபயோகம்’, கூட்டத்துக்குப் போன செலவு ‘படிப்பு’. எதுவும் செலவுக் கணக்கில் வராது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2024-ல் 70 நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனங்கள் தாங்களாகவே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தது. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் கிடைத்திருந்தது. அதுவும் செலவைக் கழிக்காத தொகை. பல அறிக்கைகளில் ஒன்றுமே சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வே நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. நேரடி விற்பனை என்ற பெயரில், ஆள் சேர்ப்பதிலேயே பணம் சுற்றும் பிரமிடு திட்டம் நடக்கிறது என்பது அந்தத் துறையின் குற்றச்சாட்டு. விசாரணைக்கு ஒத்துழைத்து வருவதாக நிறுவனம் சொன்னது. பெரிய பெயர், பல வருடப் பாரம்பரியம் என்பதெல்லாம் மட்டும் போதுமான பதில் இல்லை என்று சொல்வதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். நேரடி விற்பனை சட்டவிரோதம் இல்லை. பொருளை வாங்கி அக்கம்பக்கத்தில் விற்று லாபம் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆள் சேர்ப்பதற்குப் பணம் என்று வரும்போதுதான் 1978-ம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் குறுக்கே வருகிறது. உறுப்பினர் சேர்க்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக வாக்களிக்கும் திட்டத்தை அது தடை செய்கிறது. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அதை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும்கூடத் தடைக்குள் வருகின்றன. போட்ட பணத்தை மீட்க இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் புகார் என்று வரும்போது அந்த நாலு பேர் கைகாட்டுவது உங்களைத்தான்.

2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் இன்னும் தெளிவு. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சேர்ந்தவர் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் கொடுக்க வேண்டும். விற்கக்கூடிய நிலையில் இருக்கும் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்க வேண்டும். இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிடு திட்டங்களை நேரடியாகவே தடை செய்கிறது. தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது.

ப்ளான் காட்டுபவர் நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான் கார்டு எல்லாம் போனில் காட்டுவார். தெருமுனை மளிகைக் கடைக்கும் ஜிஎஸ்டி எண் இருக்கும். பதிவு என்றால் அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அர்த்தம், அதன் திட்டத்தை அரசு சரிபார்த்தது என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே அது முதலீடு என்றால், பொதுமக்களிடம் பணம் திரட்ட ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இருக்க வேண்டும். பொருள் விற்பனைதான் என்றால் அதை முதலீடு என்று சொல்லவே கூடாது. எதிரே இருப்பவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஐடி இல்லாத, திட்டத்தில் சேராத எத்தனை பேர் போன மாதம் இந்தப் பொருளை உங்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள்? பதில் வராமல் பேச்சு வேறு பக்கம் போனால், அங்கே விற்பது பொருள் அல்ல.

இனி எப்படி மறுப்பது. கணக்கு புரிந்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பது நமக்கு வேண்டியவர். நாம் முகத்தாட்சண்யத்துக்காக ஒரு காரணம் சொல்கிறோம். அந்தக் காரணம் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது, கூட்டத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பணமில்லை என்றால், “பணம் இல்லாததாலதான் உனக்கு இது தேவை, கிரெடிட் கார்டுல இஎம்ஐ போட்டுக்கலாம்.” நேரமில்லை என்றால், “ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்.” மனைவியிடம் கேட்க வேண்டும் என்றால், “அண்ணியையும் கூட்டிட்டு வா, அவங்களுக்கும் ப்ளான் காட்டுறோம்.” யோசித்துச் சொல்கிறேன் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நாளை மறுநாள் இரண்டு பேராக வந்து நிற்பார்கள்.

அதனால் காரணம் சொல்லாதீர்கள், உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள். அன்று நான் சொன்னது இதுதான்: “டேய், ஆள் சேர்த்துப் பணம் வர்ற எதுலயும் நான் சேர்றதில்ல. யார் கூப்பிட்டாலும் அதேதான், உனக்காகன்னு தனியா ஒண்ணும் இல்ல.” கூட வந்தவர், “ஏன் சார், என்ன டவுட்?” என்று கேட்டார். “டவுட் எதுவும் இல்லைங்க, சேர்றதில்ல, அவ்வளவுதான்” என்றேன். அவர் மூன்று விதமாகக் கேட்டார், நான் அதே வாக்கியத்தைத்தான் மூன்று முறையும் சொன்னேன். கணக்குப் பேசி ஜெயிக்க அங்கே முயற்சி செய்யாதீர்கள். மேலே இருப்பவர் முன்னால் நண்பனின் கணக்கு தப்பு என்று காட்டினால் அவனுக்கு அவமானம், அதற்காகவே இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கணக்கைத் தனியாக, வேறொரு நாள், டீக்கடையில் பேசலாம்.

கேட்பவர் பெரியவர் என்றால் இப்படிச் சட்டென்று சொல்ல வாய் வராது. என் அத்தை ஒருவர் போன் செய்து, “தம்பி, உன் பேருல ஒரு ஐடி மட்டும் போட்டுக்கறேன், பணம் நானே கட்டிக்கறேன், ஆதார் நம்பர் அனுப்பு” என்றார். பணம் போகாது என்பதால் பலர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். நான், “அத்தை, என் ஆதாரும் பானும் யாருக்கும் குடுக்கறதில்ல, கோவிச்சுக்காதீங்க. அந்தக் காசை நீங்க கட்டாதீங்க, வீட்டுக்கு வாங்க, பேசலாம்” என்றேன். ஐடி உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பெயரைக் காட்டி அடுத்தவரைச் சேர்ப்பார்கள், வருமான வரிக் கணக்கிலும் அது உங்கள் பான் எண்ணில்தான் விழும்.

“சேர வேணாம், சும்மா கூட்டத்துக்கு மட்டும் வந்து உட்காரு” என்பதற்கும் போகாதீர்கள். கைத்தட்டலும் விளக்கும் மேடையில் அழுகிறவர்களுமாக மூன்று மணி நேரம், கடைசியில் இன்றே சேர்ந்தால் சலுகை. தெரிந்தவர்கள் பட்டியல் கேட்டால் உங்கள் போனிலிருந்து ஒரு எண்கூடத் தர வேண்டாம். அது உங்கள் சொத்து இல்லை, அந்த மனிதர்களுடையது. நண்பன் கஷ்டத்தில் இருக்கிறான், உதவ வேண்டும் என்று தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். 15,000 கட்டிச் சேர்ந்தால் அதில் அவனுக்குப் போவது 1,000, அதுவும் மறுபக்கம் ஆள் இருந்தால்தான்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் பெட்டியைப் பிரிக்காதீர்கள். விலகுகிறேன், பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள், நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விலகும் அவகாசம் எத்தனை நாள் என்று இருக்கும், அது முடிவதற்குள் அனுப்ப வேண்டும். பணம் கட்டிய ரசீது, யுபிஐ விவரம், வருமானம் பற்றி அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நிறுவனக் கணக்குக்கு இல்லாமல் தனி ஆள் கணக்குக்குக் கட்டியிருந்தால் அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாதம் இவ்வளவு நிச்சயம் வரும் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். கட்டிய பல பேர் சேர்ந்து கொடுத்தால் புகாருக்குக் கனம் கூடும்.

என் நண்பன் பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்பி அதில் கொஞ்சம் மீட்டான். அப்புறம், அவன் நேரடியாகச் சேர்த்துவிட்ட ஆறு பேரிடமும் வீடு வீடாகப் போனான். மைத்துனர் வீட்டுக்கு மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நான் எதுவும் பேசவில்லை. அவன் அந்த டைரியைத் திறந்து, வந்த பக்கத்தையும் போன பக்கத்தையும் மைத்துனர் முன்னால் வைத்தான்.